செட்டர் வேலையிலிருந்து CAM புரோகிராமிங்குக்கு: முப்பத்தைந்து வயதில் ஒரு மாற்றம், நான்காண்டுக் கணக்குடன்

பின்னணி

கோயம்புத்தூரில் பம்பு, வால்வு, வாகன உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறை. இந்தக் கட்டுரையில் வருபவர் அங்கே விஎம்சி செட்டர். விஎம்சி என்பது கணினிக் கட்டளையில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின். 2004இல் ஐடிஐ மெஷினிஸ்ட் முடித்து, அப்ரன்டிஸ் காலம் கழிந்ததும் சில ஆண்டுகள் பழைய மில்லிங் மெஷினில் வேலை பார்த்தார். 2013 ஜூனில் இந்தப் பட்டறைக்கு வந்தார். 2021இல் வயது முப்பத்தைந்து. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாதா மாதம் கட்ட ஒரு சீட்டு, ஒரு நகைக்கடன்.

செட்டர் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பொருளை வைஸிலோ, பிக்சர் என்ற பிடிப்புச் சட்டத்திலோ பிடித்து, டயல் வைத்து நேர் பார்த்து, G54 என்ற பதிவில் பாகத்தின் ஜீரோ புள்ளியை எடுத்து, ஒவ்வொரு டூலுக்கும் நீளம் அளந்து ஆப்செட்டில் ஏற்றி, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவந்து ஆபரேட்டரிடம் கொடுப்பவர். மெஷின் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லும் புரோகிராமை வேறொருவர், கேம் எனப்படும் CAM சாப்ட்வேரில் எழுதுவார். அதில் ஏதாவது தப்பானால் மெஷின் முன்னால் நிற்பவர் செட்டர்தான்.

சம்பளச் சீட்டில் தெரிந்தது

மாற்றம் பற்றிய யோசனை ஒரு சம்பளச் சீட்டில் தொடங்கியது. அடிப்படைச் சம்பளம் 14,000, படிகள் 6,000, ஆக 20,000. இது நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் வேலைக்கு, அதாவது 208 மணி நேரத்துக்கு. இதன்மேல் மாதத்தில் 22 நாள், நாலு மணி நேரம் ஓடி என்கிற ஓவர்டைம். அந்த 88 மணிக்கு 8,450 ரூபாய். பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 26,500.

‘நான் இருபத்தெட்டாயிரம் சம்பளக்காரன்’ என்றுதான் இவர் அதுவரை நினைத்திருந்தார். மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபோதுதான் படம் மாறியது. 20,000ஐ 208ஆல் வகுத்தால் மணிக்கு 96 ரூபாய். ஓடிக்கும் அதே 96தான் போட்டிருந்தார்கள். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி ஓடிக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். சிறு பட்டறைகளில் இதைக் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் அரிது.

2016இல் இவருடைய மணிக்கூலி 75 ரூபாய். ஐந்தாண்டில் 96 ஆனது ஆண்டுக்குச் சுமார் 5 சதவீத உயர்வு. விலைவாசி ஏறிய வேகமும் ஏறத்தாழ அதுவே. குடும்ப வருமானம் கூடியதாகத் தெரிந்ததற்குக் காரணம் ஓடி மணி நேரம் கூடியதுதான். மாதம் 296 மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பது முப்பத்தைந்தில் முடியும். ஐம்பதில் முடியாது. அதே பட்டறையில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு செட்டர்கள் ஓடி பார்ப்பதை விட்டுவிட்டார்கள், அவர்கள் வருமானமும் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. இவர் கண்முன்னே இருந்த எதிர்காலம் அதுதான்.

முன்னிருந்த வழிகள்

வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு 26,000 தருவதாகச் சொன்னார்கள். அங்கே நாளைக்குப் பத்து மணி நேரம், ஓடி கிடையாது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 100. பெயர் மாறும், நாலு ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

வளைகுடா வேலைக்கு ஒரு ஏஜென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டார். குடியேற்ற விதிகளின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நாலு மடங்கு கேட்டவரிடம் மேற்கொண்டு பேச இவர் விரும்பவில்லை. தவிர, அங்கேயும் இதே செட்டர் வேலைதான். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் மணிக்கூலி விட்ட இடத்திலேயே நிற்கும்.

பழைய விஎம்சி ஒன்றை வாங்கிச் சொந்தமாக ஓட்டலாம் என்பது மூன்றாவது வழி. பத்து லட்சம் கடன், 13 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 22,750. மெஷின் மணிக்கு 400 ரூபாய் வீதம் மாதம் 200 மணி ஓடினால் 80,000 வரும். கரண்ட், டூல், வாடகை, ஆள் கூலி போகத் தவணை கட்ட மிஞ்சலாம். ஆனால் பணம் வர 90 நாள் ஆகும் என்றால் 2,40,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அதைத் தாங்க முதல் கையில் இல்லை.

மனைவியின் தம்பி ஐடியில் இருக்கிறார். “மச்சான், ஆறு மாசம் கோர்ஸ் படிச்சா வந்துடலாம்” என்றார். கட்டணம் 60,000. இதில் பணம் பெரிய சிக்கல் இல்லை. அந்த வேலையில் இவருடைய பதினேழு ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பே கிடையாது. இருபத்திரண்டு வயதுக்காரரோடு அதே கோட்டில், அதே தொடக்கச் சம்பளத்தில் நிற்க வேண்டும். அங்கே இவர் கையில் கூடுதலாக எதுவும் இல்லை.

நோட்டில் எழுதிய இரண்டு மாதம்

பட்டறை முதலாளி சிக்கலான பாகங்களுக்கு வெளியே ஒருவரிடம் கேம் புரோகிராம் வாங்கிக்கொண்டிருந்தார். பாகத்துக்கு 2,500 முதல் 6,000 வரை. அந்தப் புரோகிராம்களை மெஷினில் ஏற்றி ஓடவைப்பது இவர் வேலை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது என்பது இவருடைய நீண்ட நாள் புலம்பல். அது உண்மையா என்று எண்ணிப் பார்க்க ஒரு நோட்டுப் போட்டார்.

இரண்டு மாதத்தில் 14 புரோகிராம் வந்தன. ஒன்பதில் திருத்தம் தேவைப்பட்டது. நாலில் டூல் ஹோல்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் வேகம் வைத்திருந்தார்கள். இரண்டில் கிளாம்ப் இருக்கும் இடம் வழியாகவே டூல் போனது. இரண்டில் மூலை வளைவின் அளவும் டூலின் அளவும் ஒன்றாக இருந்தன. ஒன்றில் துளையிடும் வரிசை தவறு.

இந்த ஒன்பதில் ஒன்றுகூடச் சாப்ட்வேர் தெரியாததால் வந்த தவறு இல்லை. எழுதியவர் மெஷின் முன்னால் நின்றதில்லை, அதனால் வந்தவை. இந்த நோட்டுத்தான் முடிவுக்கு அடிப்படை. சந்தையில் சாப்ட்வேர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வெட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவருக்குத்தான் தட்டுப்பாடு. வெட்டத் தெரிந்தவர் சாப்ட்வேர் கற்க ஓராண்டு போதும். சாப்ட்வேர் தெரிந்தவர் வெட்டக் கற்க ஐந்தாண்டாவது ஆகும்.

ஏழு கம்பெனிகளில் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தார். மூன்று அச்சு, அதாவது மூன்று திசையில் நகரும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதும், ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 25,000 முதல் 32,000. அதோடு பாகத்தையோ டூலையோ சாய்த்துத் திருப்பவும் முடிகிற ஐந்து அச்சு மெஷின் தெரிந்தவருக்கு 40,000க்கு மேல். முடிவு இதுதான்: வேலையை விடாமல் மூன்று அச்சுக்கான கேம் கற்பது, பிறகு ஐந்து அச்சு மெஷின் உள்ள இடத்துக்கு, ஆரம்பச் சம்பளம் குறைந்தாலும், போவது.

வேலையில் இருந்தபடியே படித்த பதினொரு மாதம்

மனைவி கேட்டது ஒரே கேள்வி. “ஏனுங்க, ஓடி இல்லாம எத்தனை மாசம் தாங்கும்?” ஓடியை முழுதும் விடாமல் 22 நாளை 12 ஆக்குவது என்று முடிவானது. மாதம் 40 மணி நேரம் மிச்சம், 3,840 ரூபாய் நட்டம். 2021 செப்டம்பரிலிருந்து 2022 ஜூலை வரை இப்படிப் போனது சுமார் 42,000. பழைய டெஸ்க்டாப் ஒன்று 32,000. ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாத கேம் வகுப்புக்கு 45,000 கேட்டது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் மெனுவை ஒவ்வொன்றாக விளக்குவதாகவே இருந்தது. அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பரிமாண மாடல் வரையும் வகுப்புக்கு மட்டும் 14,000 கட்டினார். மொத்தச் செலவு 88,000 ரூபாய்.

கற்றது ஃப்யூஷன் 360 என்ற சாப்ட்வேரின் தனிநபர் உரிமத்தில். அது இலவசம். 2020 அக்டோபருக்குப் பிறகு அதில் சில கட்டுப்பாடுகள் வந்துவிட்டன: டூல் மாற்றும் கட்டளை புரோகிராமில் வராது, G0 வேக நகர்வுகள் மெதுவான வெட்டு நகர்வாகவே வெளிவரும், பல அச்சு வேலைகள் இல்லை. சம்பாதிக்கும் வேலைக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு டூல் ஓட்டி, நிறுத்தி, அடுத்த டூலுக்குத் தனிப் புரோகிராம் ஏற்றிக் கற்பதற்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மா நிற்கும்போது கழிவு அலுமினியத் துண்டில் ஓட்டிப் பார்க்க முதலாளி அனுமதித்தார்.

எதிர்பாராத இடத்தில்தான் சிரமம் வந்தது. டூல்பாத், அதாவது டூல் போகும் பாதை போடுவது இரண்டு மாதத்தில் கைவந்தது. மாடல் வரையத்தான் நாலு மாதம் ஆனது. காகிதப் படத்தைப் பார்த்தவுடன் பாகம் மனதில் தெரியும் இவருக்கு, அதே பாகத்தைத் திரையில் கோடுகளாகவும் கட்டுப்பாடுகளாகவும் பிரித்துச் சொல்ல வரவில்லை. ஓர் அளவை மாற்றினால் பாகம் முழுதும் குலைந்துபோகும். ஒரு கோட்டை எதோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று தெரியாமல் வரைந்ததன் விளைவு அது. இதே பாதையில் வரும் செட்டர்கள் பலர் நின்றுவிடும் இடமும் இதுதான்.

பயிற்சிக்குப் பட்டறையில் ஓடும் பாகங்களையே எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளரின் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதே மாதிரியான வடிவத்தைத் தன் அளவுகளில் வரைந்துகொண்டார். பின்னால் நேர்காணலில் காட்ட இது கைகொடுத்தது, அடுத்தவர் படத்தைக் காட்டியிருந்தால் அங்கேயே பெயர் கெட்டிருக்கும்.

ஒரு பாகம், அருகிலிருந்து

எட்டாம் மாதம் செய்த பயிற்சிப் பாகம் இது. 6061 அலுமினியத் தகட்டில் நாலு குழிவுகள், ஒவ்வொன்றும் 120 க்கு 80, ஆழம் 30 மில்லிமீட்டர், மூலை வளைவு ஆறு மில்லிமீட்டர் ஆரம். இதே மாதிரிப் பாகத்துக்கு வெளியிலிருந்து வந்த புரோகிராமில் எண்ட் மில் என்ற வெட்டும் டூலில் 12 மில்லிமீட்டர் அளவுள்ளதை முழு அகலமும் பதியவிட்டு, ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தார்கள். ஒரு குழிவுக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாகம் முழுதுக்கும் 47 நிமிடம்.

இவர் அதே 12 மில்லிமீட்டர் டூலில் ஆழத்தை 15 ஆக்கி, பக்கவாட்டில் 1.8 மட்டும் பதியவைத்தார். சுழற்சி 8,000, மூன்று பல், பல்லுக்கு 0.12 என்று நிமிடத்துக்கு 2,880. டூலின் நுனி மட்டும் தேய்வதற்குப் பதில் அதன் பக்கம் நீளமாக வேலை செய்கிறது. பக்கவாட்டுப் பதிவு குறைவாக இருப்பதால் சூடும் வெட்டிய சீவலோடேயே போய்விடுகிறது. ஒரு குழிவு நாலு நிமிடத்துக்குள் முடிந்தது.

இதுவரை சாப்ட்வேர் தெரிந்த யாரும் செய்வார்கள். மூலையில்தான் செட்டர் தெரிந்தார். மூலை ஆரம் ஆறு, 12 மில்லிமீட்டர் டூலின் ஆரமும் ஆறு. டூல் மூலைக்குள் போய் நின்று திரும்பும்போது, சுவரோடு ஒட்டும் பரப்பு ஒரே கணத்தில் பல மடங்காகும். கீச்சென்று ஒரு சத்தம் வரும், சுவரில் அலையலையாகக் கோடு விழும். திரையில் இதெல்லாம் தெரியாது, அங்கே அது சுத்தமாகவே வெட்டும். இவர் சுவரை முடிக்க 10 மில்லிமீட்டர் டூலை எடுத்தார். ஆரம் ஐந்து என்பதால் டூல் மூலையில் நிற்காமல் சின்ன வளைவாகச் சுற்றிப் போகும். ஹோல்டருக்கு வெளியே 35 மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருந்தார். மொத்த நேரம் 34 நிமிடம், மூலை கண்ணாடி மாதிரி வந்தது. முதலாளி நகத்தால் மூலையை வருடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு பாகங்களுக்குப் புரோகிராம் எழுதச் சொன்னார். அதற்குச் சம்பளம் கூட்டும் பேச்சு மட்டும் வரவில்லை.

இடம் மாறியது

2022 ஜூன், ஜூலையில் ஐந்து கம்பெனிகளுக்குப் போனார். இரண்டு இடத்தில் டிப்ளமா இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஓரிடத்தில் 21,000தான் தர முடியும் என்றார்கள். நாலாவது இடத்தில் ‘செட்டர் கம் புரோகிராமர்’ என்று 25,000. இது பார்க்க நல்லதாகத் தெரியும், ஆனால் இரண்டு மெஷின் செட்டிங் வேலைக்கு நடுவில் புரோகிராம் எழுத நேரமே இருக்காது. ஓராண்டு கழித்து அனுபவச் சான்றிதழில் செட்டர் என்றுதான் இருக்கும்.

ஐந்தாவது இடத்தில் ஒரு படம் கொடுத்து இரண்டு மணி நேரம் தந்தார்கள். இவர் புரோகிராமோடு ஒரு செட்டிங் ஷீட்டும் எழுதிக் கொடுத்தார்: எந்த டூல், ஹோல்டருக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர், பொருளை எந்த முகத்தில் பிடிப்பது, ஜீரோ எங்கே. கேட்காமல் அதைக் கொடுத்தது இவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. 27,000 சம்பளம், நாளைக்கு ஒன்பது மணி நேரம். அங்கே இரண்டு ஐந்து அச்சு மெஷின் இருந்தன.

பழைய மொத்தம் 28,450. அதோடு ஒப்பிட்டால் இறக்கம். மணிக்கு வகுத்தால் 96லிருந்து 115. இவர் இரண்டாவது எண்ணைப் பார்த்து ஒத்துக்கொண்டார். உறவில் பலர் முதல் எண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள்.

2022 ஆகஸ்ட் கடைசியில் விலகினார். ஒன்பது ஆண்டு நிறைவுக்கான கிராஜுவிட்டி, கடைசி அடிப்படைச் சம்பளம் 14,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் 72,692 ரூபாய். படிவம் I எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவைத்திருந்தார். முப்பது நாளில் வர வேண்டிய பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது. நகல் இல்லையென்றால் வந்திருக்குமா என்பது சந்தேகமே. பிஎஃப் பணத்தை எடுத்து நகைக்கடனை அடைக்கலாம் என்ற யோசனை இருந்தது. எடுக்கவில்லை. அதே யுஏஎன் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும், எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

முதல் ஆண்டில் நடந்தது

மூன்றாம் மாதம் மெஷினில் ஒரு மோதல். புரோகிராமின் அந்தப் பகுதி இது:

```
N210 G0 G90 G54 X-38. Y24.
N220 G43 H5 Z25. M8
N230 G0 X112. Y24.
N240 Z2.
N250 G1 Z-8. F300
```

N220இல் டூல் நுனி பாகத்தின் மேல் முகத்திலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. N230இல் அதே உயரத்தில் 150 மில்லிமீட்டர் தூரம் முழு வேகத்தில் போகிறது. வழியில் ஒரு கிளாம்ப் போல்ட், அதன் தலை அதே முகத்திலிருந்து 34 மில்லிமீட்டர் உயரத்தில். திரையில் ஓட்டிப் பார்த்தபோது எதுவும் இடிக்கவில்லை, ஏனென்றால் திரையில் அந்தப் போல்ட்டே இல்லை. பிக்சரை இவர் மாடலில் சேர்க்கவில்லை. 10 மில்லிமீட்டர் கார்பைடு டூல் உடைந்தது, பாகம் கழிவானது, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் ஓட்டம் சரிபார்க்க அரை நாள் மெஷின் நின்றது.

ஓராண்டுக்கு முன் நோட்டில் அடுத்தவர் தவறாக எழுதிவைத்த அதே தவறு. மெஷின் முன்னால் நின்றபோது போல்ட் கண்ணில் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும் படவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வழக்கம் வந்தன. பட்டறையில் உள்ள எல்லாப் பிக்சரும் கிளாம்ப்பும் போல்ட்டும் அளந்து மாடலாகச் சேர்க்கப்பட்டன, இதற்கு மூன்று வாரம் ஆனது. முதல் பீஸ் எப்போதும் வரிக்கு வரி நின்று போகும் சிங்கிள் பிளாக்கில், ரேபிட் எனும் வேக நகர்வு 25 சதவீதத்தில், எழுதியவர் பக்கத்தில் நிற்கத்தான் ஓடும்.

ஐந்து அச்சு மெஷினில் உட்காரவைப்பதாக வேலைக்கு எடுக்கும்போது வாயளவில் சொன்னார்கள். ஒன்பது மாதம் அது நடக்கவில்லை. மூத்த புரோகிராமர் விலகியபோதுதான் வாய்ப்பு வந்தது. எல்லா அச்சும் ஒரே நேரத்தில் அசையும் வேலை அங்கே குறைவு. பெரும்பாலும் பாகத்தை ஒரு கோணத்துக்குத் திருப்பி நிறுத்தி, மூன்று அச்சில் வெட்டும் வேலைதான். ஒரு வால்வு உடலுக்கு முன்பு நாலு தடவை பிடித்துப் பிடித்து வெட்டினார்கள். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் 0.02, 0.03 என்று பிசகு சேரும், கடைசியில் இரண்டு துளைகளுக்கு இடையிலான நேர் கெட்டு ரிஜெக்ஷன் ஆகும். கோணத்துக்குத் திருப்பி வெட்டியதில் நாலு பிடிப்பு இரண்டாகக் குறைந்தது. எந்த முகத்தை முதலில் பிடித்தால் மீதி எல்லாம் ஒரே பிடிப்பில் வரும் என்ற யோசனைக்குத்தான் அங்கே சம்பளம்.

நான்காண்டுக் கணக்கு

27,000இல் தொடங்கிய சம்பளம் 2023 ஏப்ரலில் 30,000, ஐந்து அச்சுக்குப் போன பிறகு 2024 ஏப்ரலில் 38,000, 2025 ஏப்ரலில் 46,000. இப்போது மணிக்கு 197 ரூபாய்.

பழைய இடத்திலேயே இருந்து, அதே 5 சதவீதம் ஏறியிருந்தால் 2025இல் மணிக்கு 117. மாதம் 296 மணி நேரம் உழைத்தால் 34,600. இப்போது 234 மணி நேரத்துக்கு 46,000.

இந்த ஒப்பீட்டில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி நடுவிலுள்ள ஆண்டுகள். முதல் ஏழு மாதம் பழைய இடத்தில் கிடைத்திருக்கக்கூடியதைவிட மாதம் 2,900 குறைவு. அடுத்த ஆண்டு முழுதும் மாதம் 1,400 குறைவு. 2024 ஏப்ரலில்தான் கை மேல் வந்தது, மாதம் சுமார் 5,000 கூடுதல். படிப்புக்கும் கணினிக்கும் விட்ட ஓடிக்கும் போன 88,000ஐயும் சேர்த்தால் 2025 மார்ச்சில்கூட இன்னும் சுமார் 65,000 ரூபாய் நட்டத்திலேயே இருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு மாதம் 11,400 கூடுதல் வந்து, செப்டம்பர் கடைசியில்தான் சமமானது. தொடங்கிய நாளிலிருந்து நாலு ஆண்டு. மாதம் 62 மணி நேரம் மிச்சமானதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஈஎஸ்ஐக்கான மாதச் சம்பள வரம்பு, ஓடியைச் சேர்க்காமல், அப்போது 21,000. புது வேலையில் 27,000 என்பதால் குடும்பம் ஈஎஸ்ஐக்கு வெளியே போனது. பழைய பங்களிப்புக்கான மருத்துவப் பலன் 2023 ஜூனோடு முடிந்தது. அது முடிந்ததே யாருக்கும் நினைவில் இல்லை. ஆகஸ்டில் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் அறுவை, 61,000 ரூபாய் கையிலிருந்து போனது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 14,500 கட்டிக் குடும்பக் காப்பீடு எடுத்தார்கள். இதையும் கணக்கில் வைத்தால் சமமாகும் நாள் இன்னும் எட்டொன்பது மாதம் தள்ளிப்போகும். ஐம்பத்தெட்டு வரை இன்னும் பத்தொன்பது ஆண்டு இருப்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இதே மாற்றத்தை நாற்பத்தெட்டில் தொடங்கியிருந்தால் நட்ட ஆண்டுகளுக்குப் பின் மிஞ்சும் காலம் பாதிகூட இருக்காது.

மறுபடி செய்தால் மாறக்கூடியவை

காப்பீடு, பழைய வேலையில் இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். 21,000ஐத் தாண்டும் எந்த மாற்றத்திலும் இது முதல் செலவு. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பதால், பெற்றோரையும் சேர்ப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

மாடல் வகுப்பை முதல் மாதமே தொடங்கியிருக்கலாம். முதல் இரண்டு மாதம் டூல்பாத் வீடியோ பார்த்ததில் போனது. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் பார்க்கும் சுகம் அதில் இருந்தது.

ஐந்து அச்சில் எப்போது உட்காரவைப்பார்கள் என்பதை வேலைக்கான கடிதத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒன்பது மாதத் தாமதம் சம்பள உயர்வை ஓராண்டு தள்ளியது. மூத்தவர் விலகாமல் இருந்திருந்தால் இவர் இன்றும் 32,000, 33,000இல் நின்றிருக்கலாம். அந்த அளவுக்கு இந்த நல்ல முடிவில் தற்செயலுக்கும் பங்கு உண்டு.

இதே பாதை எல்லாச் செட்டருக்கும் பொருந்தாது. ஒரே பாகத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் கம்பெனியில் இருப்பவருக்கு இப்படி ஒரு நோட்டு நிரம்பவே நிரம்பாது. மாதம் பத்துப் புதுப் பாகம் வரும் ஜாப் ஒர்க் பட்டறையில்தான் அந்த அனுபவம் சேரும். கோயம்புத்தூர், ஓசூர், சென்னை தவிர்த்த ஊர்களில் ஐந்து அச்சு மெஷின் உள்ள கம்பெனி தேடுவதும் கஷ்டம். மூன்று அச்சோடு நின்றுவிடுவதாக இருந்தால் இவ்வளவு செலவும் தேவையா என்று யோசிக்க வேண்டும். எளிய குழிவும் துளையும் உள்ள பாகங்களுக்குச் சாப்ட்வேர் தானே பாதை போடும் வசதி கூடிக்கொண்டே வருகிறது, அந்த வேலையின் கூலி ஏறுவதற்கு அதிக இடமில்லை.

பழைய முதலாளி 2025இல் இரண்டு தடவை கூப்பிட்டார். பாகத்துக்கு 4,000 தருகிறேன், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடு என்றார். இப்போதைய வேலைக்கான ஒப்பந்தத்தில் வெளிவேலை கூடாது என்று இருக்கிறது. வீட்டுக் கணினியில் இருப்பதோ இன்னும் அந்த இலவச உரிமம். இரண்டு தடவையும் இவர் மறுத்துவிட்டார். இரண்டாவது தடவை, பட்டறையில் இருக்கும் இருபத்தெட்டு வயதுச் செட்டர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் அனுப்பச் சொன்னார்.